அசல் வந்தால் விற்றுவிடலாமா? நஷ்டத்தில் நிற்கும் பங்கு குறித்து வாசகர் கேள்விகள்

ஒரு கம்பெனிப் பங்கு 200 வாங்கினேன், ஒன்று 480 ரூபாய். இப்போது 290. அசல் வந்தால் போதும், விற்றுவிடுவேன். எவ்வளவு நாள் பொறுக்கலாம்?
(மஞ்சக்குப்பம், கடலூர்)

நீங்கள் போட்டது 96,000 ரூபாய். இன்று கையில் இருப்பது 58,000. மீதி 38,000 ரூபாய் ஏற்கெனவே போய்விட்டது. விற்றால்தான் நஷ்டம், விற்காதவரை வெறும் கணக்கு என்று நினைப்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. இன்றைக்கு உங்களிடம் உள்ள சொத்தின் மதிப்பு 58,000தான், அதை வைத்துத்தான் அடுத்த முடிவை எடுக்க முடியும்.

480 என்பது நீங்கள் வாங்கிய அன்றைய சந்தை விலை. அந்த விலைக்கு வாங்கினீர்கள் என்பது கம்பெனிக்கும் தெரியாது, நாளைக்கு உங்களிடம் வாங்கப்போகிறவருக்கும் தெரியாது. 290இலிருந்து 480க்குப் போக 65.5 சதவீதம் ஏற வேண்டும். மூன்று வருடத்தில் நடக்க வேண்டுமென்றால் வருடத்துக்குச் சுமார் 18 சதவீதம். அந்த அளவுக்கு லாபம் வளருமா என்பதுதான் பார்க்க வேண்டியது.

அதைப் பார்க்க என்எஸ்இ அல்லது பிஎஸ்இ இணையதளத்தில் கம்பெனியின் கடைசி நான்கு காலாண்டு முடிவுகளை எடுங்கள். ஒவ்வொன்றிலும் உள்ள ஒரு பங்கு லாபத்தைக் கூட்டுங்கள். துணை நிறுவனங்கள் இருந்தால் ஒருங்கிணைந்த கணக்கையே எடுக்க வேண்டும். நீங்கள் அனுப்பிய விவரப்படி, வாங்கிய நேரத்தில் ஒரு பங்கு லாபம் 24 ரூபாய், இப்போது 14.50. வகுத்துப் பாருங்கள்: அன்று லாபத்தைப் போல் 20 மடங்கு விலை கொடுத்தீர்கள், இன்றும் விலை அதே 20 மடங்குதான். 190 ரூபாய் இறங்கியும் பங்கு கொஞ்சமும் மலிவாகவில்லை. லாபம் எவ்வளவு குறைந்ததோ, விலையும் அவ்வளவே குறைந்திருக்கிறது. லாபம் மறுபடி 24க்கு வர வழி தெரியாதவரை 480ஐ எதிர்பார்க்கக் காரணம் எதுவும் இல்லை.

லாபம் 24ஆகவே இருந்து விலை மட்டும் 290க்கு வந்திருந்தால் கதை வேறு. அப்போது 12 மடங்குதான், வைத்திருப்பதற்கு நியாயம் இருக்கிறது. ஒரே சரிவு, ஒரே நஷ்டம், ஆனால் முடிவு நேரெதிர். வாங்கிய விலையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் இந்த வித்தியாசம் கண்ணில் படவே படாது.

ஒரு தாளில் கம்பெனிப் பெயர், இன்றைய விலை, ஒரு பங்கு லாபம், கடன் ஆகியவற்றை மட்டும் எழுதுங்கள். வாங்கிய விலையை எழுத வேண்டாம். கையில் 58,000 ரூபாய் ரொக்கம் இருந்தால் இன்று இந்தப் பங்கை வாங்குவீர்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். மாட்டேன் என்றால், வைத்திருக்கவும் காரணம் இல்லை.

நானும் அதே பங்கை 480க்கு 200 வாங்கி வைத்திருக்கிறேன். 290க்கு இன்னும் 200 வாங்கி ஆவரேஜ் பண்ணலாம் என்கிறார் நண்பர். பணம் இல்லை, நகையை அடகு வைக்க யோசிக்கிறேன்.
(வில்லியனூர், புதுச்சேரி)

தயவுசெய்து நகையைத் தொடாதீர்கள். ஆவரேஜ் செய்தால் ஆப்பில் சராசரி விலை 385 என்று காட்டும். 39.6 சதவீதமாக இருந்த நஷ்டம் 24.7 ஆகிவிடும். பார்க்க ஆறுதலாக இருக்கும். ஆனால் நஷ்டம் அதே 38,000 ரூபாய்தான், அதில் ஒரு ரூபாயும் குறையவில்லை. மாறியது ஒன்றுதான்: ஒரே கம்பெனியில் மாட்டியிருக்கும் பணம் 58,000இலிருந்து 1,16,000 ஆகிவிட்டது. விலை 220க்கு இறங்கினால், சும்மா இருந்திருந்தால் மொத்த நஷ்டம் 52,000. ஆவரேஜ் செய்திருந்தால் 66,000, அதற்கு மேல் அடகு வட்டி.

இன்னொரு விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை. வருமான வரிக்கு அந்தச் சராசரி செல்லாது. டீமேட்டில் முதலில் வந்த பங்குதான் முதலில் விற்றதாகக் கணக்கு. 385க்கு 200 பங்கை விற்று ‘அசல் வந்தது’ என்று நினைத்தால், வரிக் கணக்கில் 480க்கு வாங்கிய பங்குகள் விற்றதாகும், அதாவது 19,000 ரூபாய் நஷ்டம். மீதியுள்ள 200இன் அடக்கம் 290.

மேலும் வாங்குவது எப்போதும் தவறு என்று சொல்ல முடியாது. முன்பே ஒரு ரூபாய்கூட இந்தப் பங்கில் போடாதவராக இருந்தாலும் 290க்கு இதைத்தான் வாங்குவேன் என்று சொல்ல முடிகிறவர், கடன் வாங்காத பணத்தில் வாங்கலாம். முன்பு போட்டதை மீட்கத்தான் வாங்குகிறேன் என்றால், போன பணத்தின் பின்னால் நல்ல பணத்தையும் அனுப்புகிறீர்கள்.

டிவிடெண்ட் வருகிறதே, அதற்காக வைத்திருக்கலாமா?
(பண்ருட்டி)

பங்குக்கு 6 ரூபாய் என்கிறீர்கள். இன்றைய 290க்கு அது 2 சதவீதம்தான், அதுவும் உங்கள் வருமான வரி வரம்புப்படி வரிக்கு உட்பட்டது. அதற்காக மட்டும் வைத்திருக்க வேண்டாம்.

வாங்கிப் பதினொரு மாதம் ஆகிறது. ஒரு வருடம் முடியட்டும் என்று இருக்கிறேன். சரிதானே?
(அரியாங்குப்பம்)

லாபத்தில் இருக்கும் பங்குக்குச் சரி. நஷ்டத்தில் இருக்கும் பங்குக்குப் பெரும்பாலும் தலைகீழ். பட்டியலிடப்பட்ட பங்கை 12 மாதத்துக்குள் விற்றால் அது குறுகிய கால நஷ்டம். அதைக் குறுகிய கால லாபம், நீண்ட கால லாபம் இரண்டிலும் கழிக்கலாம். 12 மாதம் தாண்டினால் நீண்ட கால நஷ்டம், அதை நீண்ட கால லாபத்தில் மட்டுமே கழிக்க முடியும்.

இந்த வருடம் வேறொரு பங்கில் 45,000 ரூபாய் குறுகிய கால லாபம் பார்த்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதற்கு 20 சதவீதம், 9,000 ரூபாய் வரி. இந்தப் பங்கில் உங்களுக்கும் உள்ள 38,000 நஷ்டத்தை இப்போதே எடுத்தால் லாபம் 7,000 ஆகி, வரி 1,400. வரியில் மிச்சம் 7,600 ரூபாய், செஸ் தனி. கழிக்க லாபம் இல்லாவிட்டாலும் நஷ்டத்தை 8 வருடம் எடுத்துச் செல்லலாம், ஆனால் ரிட்டர்னைக் கடைசித் தேதிக்குள் தாக்கல் செய்திருக்க வேண்டும். தாமதமாகப் போட்டால் அந்த உரிமை போய்விடும்.

அதே கம்பெனி திரும்ப வேண்டுமென்றால் விற்ற அன்றே வாங்காதீர்கள். ஒரே நாளில் விற்று வாங்கினால் அது இன்ட்ராடே கணக்காகிவிடும், பங்கு டீமேட்டை விட்டு வெளியேறாது, நீங்கள் நினைத்த நஷ்டமும் பதிவாகாது.

விற்ற மறுநாளே ஏறிவிட்டால் மனசு தாங்காது. அந்தப் பயத்தில்தான் விற்காமல் இருக்கிறேன்.
(திருப்பாதிரிப்புலியூர்)

ஏறலாம். ஒரு தனிப் பங்கு நாளைக்கு என்ன செய்யும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் மொத்தமாகப் பார்த்த ஆய்வு உண்டு. அமெரிக்க நிதியியல் பேராசிரியர் டெரன்ஸ் ஓடியன் ஒரு புரோக்கர் நிறுவனத்தின் 10,000 கணக்குகளை ஆராய்ந்து 1998இல் வெளியிட்டார். லாபத்தில் இருந்ததை விற்றுவிட்டு நஷ்டத்தில் இருந்ததை வைத்துக்கொள்ளும் வழக்கம் அதில் தெளிவாகத் தெரிந்தது. விற்ற லாபப் பங்குகள் அடுத்த ஒரு வருடத்தில், வைத்துக்கொண்ட நஷ்டப் பங்குகளைவிடச் சராசரியாக 3.4 சதவீதப் புள்ளி கூடுதலாக ஏறின.

முழுதும் விற்க மனம் வராவிட்டால் பாதியை விற்றுவிட்டு, மீதிக்கு ஒரு நிபந்தனை எழுதி வையுங்கள். நிபந்தனை விலையில் இருக்கக் கூடாது, கம்பெனியின் கணக்கில் இருக்க வேண்டும். மஞ்சக்குப்பம் வாசகரின் பங்கையே எடுத்துக்கொண்டால், இப்போது காலாண்டுக்கு ஒரு பங்கு லாபம் சுமார் 3.60 வருகிறது. பழையபடி 24 வர காலாண்டுக்கு 6 வேண்டும். ‘அடுத்த இரண்டு முடிவுகளில் ஒன்றாவது 4.50ஐத் தாண்டாவிட்டால் மீதி 100 பங்கையும் விற்பேன்’ என்று தேதி போட்டு எழுதலாம். காலாண்டு முடிந்து 45 நாளுக்குள், மார்ச் காலாண்டுக்கு 60 நாளுக்குள் கம்பெனி முடிவை வெளியிட வேண்டும். ஆகவே டிசம்பர் காலாண்டு என்றால் பிப்ரவரி 14ஐ நாள்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். அதுவரை அந்தப் பங்கின் விலையைத் தினமும் பார்க்க வேண்டிய தேவையும் இருக்காது.