படத்தில் சிவப்பு, பெட்டியில் வெள்ளை: கொய்யா வாங்கும் முன் எதைப் பார்ப்பது?

கேள்வி: வாட்ஸ்அப்பில் பழம் விற்பவர் இரண்டு படம் அனுப்பியிருக்கிறார். ஒன்றில் கூடை நிறைய முழுக் கொய்யா, எல்லாம் கரும்பச்சை. இன்னொன்றில் வெட்டிய கொய்யா, உள்ளே நல்ல சிவப்பு. 5 கிலோ பெட்டி. போன முறை வேறொருவரிடம் இப்படி வாங்கினேன். உள்ளே வெள்ளை, பாதி கடைசி வரை பழுக்கவே இல்லை. படத்தை வைத்தே கண்டுபிடிக்க வழி இருக்கிறதா?

பதில்: பழுத்ததா என்பதை முழுப் பழத்தின் படமே ஓரளவு சொல்லிவிடும். உள்ளே சிவப்பா வெள்ளையா என்பதை அது சொல்லாது. தோலில் சிவப்பு படர்ந்திருந்தால்கூட நம்ப வேண்டாம். ஆப்பிள் கொய்யா என்று விற்கும் பழத்துக்குத் தோல் சிவப்பு, சதை பெரும்பாலும் வெள்ளை. தைவான் பிங்க் நேர்மாறு: வெளியே வெளிர்பச்சை, உள்ளே இளஞ்சிவப்பு. தோலின் சிவப்பு ஒரு நிறமி, சதையின் சிவப்பு லைகோபீன் என்ற வேறொரு நிறமி. தக்காளியில் இருப்பதும் இந்த லைகோபீன்தான். ஒன்றைப் பார்த்து இன்னொன்றை ஊகிக்க முடியாது.

உங்களுக்கு வந்த முழுப் பழப் படத்தில் எனக்கு உறுத்துவது அந்தக் கரும்பச்சைதான். கொய்யா முற்றும்போது பச்சை வெளுத்து வெளிர்பச்சையாகும், அப்புறம் மஞ்சள் தட்டும். வெளிர்பச்சையில் பறித்த செங்காய் வீட்டில் வெளியே வைத்தால் இரண்டு மூன்று நாளில் பழுத்துவிடும். முற்றாமல் பறித்த பிஞ்சு சுருங்கி வதங்குமே தவிர இனிக்காது. போன முறை உங்களுக்கு வந்தது அநேகமாக அதுதான். வெயில் பட்ட பக்கம் சீக்கிரம் வெளுத்துவிடும் என்பதால், படத்தில் நிழல் பக்கத்துத் தோலின் நிறத்தைப் பாருங்கள். காம்பில் பச்சை இலை ஒட்டியிருப்பது புதிதாகப் பறித்தது என்று மட்டுமே சொல்லும்; பழுத்ததா என்பதற்கு அது சாட்சி இல்லை.

அடுத்து வெட்டிய படம். சிவப்புச் சதை ரகங்களில் பழுக்கப் பழுக்கத்தான் நிறம் கூடும். காயாக இருக்கும்போது வெட்டினால் விதைப் பகுதியைச் சுற்றி லேசான ரோஸ் நிறமும், தோலை ஒட்டி வெளிறிய வளையமும் தெரியும். ஆகவே கூடையில் கரும்பச்சைக் காய், அறுத்ததில் ஓரம் வரை அடர்சிவப்பு என்றால், இரண்டும் ஒரே பறிப்பு அல்ல என்றே சந்தேகப்படுவேன். அர்கா கிரண் போன்ற ரகங்களுக்கு உண்மையிலேயே அடர்சிவப்புச் சதைதான். ஆனால் அப்படி நிறம் ஏறிய பழத்தின் தோலும் வெளுத்திருக்க வேண்டும்.

விதையையும் பெரிதாக்கிப் பாருங்கள். பிஞ்சில் விதை வெள்ளையாக இருக்கும், முற்றியதில் மஞ்சள் கலந்த நிறத்துக்கு வந்துவிடும். வெள்ளைச் சதை ரகமான லக்னோ 49 நன்றாகப் பழுத்தால் சதை பால்வெள்ளையிலிருந்து கிரீம் நிறத்துக்குப் போகும். வெட்டி வைத்து நேரமானால் பழுப்பும் ஏறும். மஞ்சள் பல்பின் கீழ் படம் எடுத்தால் அந்தப் பழுப்பே இளஞ்சிவப்பு மாதிரி தெரியும். பழம் வைத்த தட்டோ காகிதமோ படத்தில் வெள்ளையாக இருக்கிறதா என்று பாருங்கள். அதிலும் ஆரஞ்சு சாயல் இருந்தால் சதையின் நிறத்தைக் கணக்கிலேயே எடுக்காதீர்கள்.

விற்பவரிடம் இப்படிக் கேளுங்கள்: "அண்ணா, அதே கூடையிலிருந்து ஒரு பழத்தை எடுத்து ரெண்டா வெட்டி, ஒரு பாதியைத் தோல் தெரிய, இன்னொரு பாதியைச் சதை தெரிய வெள்ளைத் தாளில் வைத்து, பகல் வெளிச்சத்தில் படம் அனுப்புங்க." தோலும் சதையும் ஒரே படத்தில் வந்தால், வேறு ரகத்தை வெட்டிக் காட்டுவது கஷ்டம். வீடியோவாகக் கூடையிலிருந்து எடுத்து வெட்டுவதைக் காட்டினால் இன்னும் நல்லது. அந்தப் படத்தில் தோலில் ஊசி குத்தின மாதிரி கரும்புள்ளியும் அதைச் சுற்றி லேசாகக் குழிந்த இடமும் இருந்தால் பழ ஈ முட்டையிட்டதாக இருக்கலாம். வெட்டிய பாதியில் அதே இடத்துக்குக் கீழே பழுப்புத் தடம் தெரிந்தால் உறுதி. அந்தக் கூடை வேண்டாம்.

அழுத்தினால் லேசாக விட்டுக்கொடுக்கிறதா, மணம் வருகிறதா என்பதெல்லாம் எந்தப் படத்திலும் வராது. அதனால் முதல் முறை 5 கிலோ வேண்டாம், 1 கிலோ தருவாரா என்று கேளுங்கள். மாட்டேன் என்றால், வெளிர்பச்சைக் காய்களாகவே அனுப்பும்படி எழுத்தில் கேட்டு, அந்தப் பதிலையும் படத்தையும் அழிக்காமல் வையுங்கள். பெட்டி வந்ததும் ஒன்றை உடனே வெட்டிப் பாருங்கள். மீதியைப் பழுக்கும் வரை ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள். அந்தக் குளிரில் காய் சரியாகப் பழுக்காது.