சாவி குடுக்கிற பழக்கம்

கேள்வி: டிரைவிங் ஸ்கூல்ல மாஸ்டரா இருக்கேன். புதுசா லைசன்ஸ் வாங்கின பசங்களுக்கு இன்சூரன்ஸ் பத்தி பேசச் சொல்லிட்டாரு ஓனரு. ஆனா என் பைக்கையே லைசன்ஸ் இல்லாத மச்சான் அடிக்கடி எடுத்துட்டுப் போறான், வீட்டுல சண்டை வரும்னு நானும் சாவிய குடுத்துடுறேன். ஃபுல் இன்சூரன்ஸ் இருக்கு. ஏஜென்ட் ஜீரோ டெப் சேர்த்துக்கங்க, எல்லாம் கவர் ஆயிடும்ங்கிறாரு. போடலாமா?

பதில்: மாஸ்டர், ஜீரோ டெப்ப அப்புறம் பாப்போம். மொதல்ல அந்தச் சாவிய குடுக்கிறத நிறுத்துங்க, பசங்ககிட்டயும் இந்த ஒரு விஷயத்தையே நல்லா விரிவா பேசுங்க.

உங்க பாலிசி பேப்பர்ல டிரைவர்ஸ் க்ளாஸ்ங்கிற ஒரு நிபந்தனை இருக்கும், அத பசங்க முன்னாடியே எடுத்து வாசிச்சுக் காட்டுங்க. விபத்து நடக்கிற நேரத்துல வண்டிய ஓட்டுறவங்ககிட்ட செல்லுபடியாகிற லைசன்ஸ் இருக்கணும்னு அதுல இருக்கும். கார் லைசன்ஸ் மட்டும் வச்சிருக்கவன் பைக்க எடுத்தாலும் சிக்கல்தான், அந்த வண்டி வகைக்கு லைசன்ஸ் வேணும்.

மச்சான் ஒருத்தர இடிச்சு அவர் இறந்துட்டாருன்னு வைங்க. அவருக்கு 30 வயசு, சொந்தத் தொழில், மாசம் 15,000 வருமானம், அவர நம்பி மூணு பேரு. கோர்ட்டுல தோராயமா இப்படித்தான் கணக்கு போடுவாங்க: வருஷத்துக்கு 1,80,000, எதிர்கால வருமானத்துக்காக 40 சதவீதம் கூட்டினா 2,52,000, அவரோட சொந்தச் செலவுன்னு மூணுல ஒரு பங்க கழிச்சா 1,68,000, அத அந்த வயசுக்குன்னு கோர்ட்டு வச்சிருக்கிற 17ங்கிற எண்ணால பெருக்கினா 28,56,000. இதுக்கு மேல வட்டி வேற. பெரும்பாலும் கம்பெனியே மொதல்ல அந்தக் குடும்பத்துக்குப் பணத்த குடுத்துடும், ஆனா அதோட முடியாது, அந்தத் தொகைய வண்டி ஓனர்கிட்ட இருந்து வசூல் பண்ணிக்கலாம்னு கோர்ட் உத்தரவு போட்டுடும். ஆர்.சி.ல உங்க பேரு இருக்கு, அதனால அந்த ஓனர் நீங்கதான். உங்க பைக் ரிப்பேர் க்ளெய்மும் கிடைக்காது. லைசன்ஸ் இல்லாதவனுக்கு வண்டிய குடுத்ததுக்கு உங்களுக்குத் தனியா 5,000 அபராதம். பாலிசியோட சேர்த்து எடுக்கிற 15 லட்சம் விபத்துக் காப்பு இருக்கே, அதுவும் ஓனர் ஓட்டும்போது அவருக்குத்தான், மச்சானுக்கு ஏதாவது ஆச்சுன்னா அவன் குடும்பத்துக்கு அதுல இருந்து ஒண்ணும் வராது.

ஏஜென்ட் சொல்ற ஜீரோ டெப் வேற கதை. பழைய பார்ட்ட மாத்தும்போது தேய்மானம்னு ஒரு பங்க கழிப்பாங்க, பிளாஸ்டிக் பார்ட்டுன்னா பாதிய கழிச்சுடுவாங்க, அந்தக் கழிவு இல்லாம குடுக்கிறதுதான் அது. க்ளெய்மே நிக்காதப்போ அது எதுக்கு ஒதவும்? எல்லாம் கவர் ஆயிடும்னு சொல்றவர்கிட்ட, லைசன்ஸ் இல்லாதவன் ஓட்டினாலும் க்ளெய்ம் உண்டுன்னு எழுதிக் குடுங்கன்னு கேளுங்க, குடுக்க மாட்டாரு.

வீட்டுல மொகத்துக்கு நேரா மாட்டேன்னு சொல்லத் தயக்கமா இருந்தா, மச்சானுக்கு இந்த வாரமே எல்.எல்.ஆர். போட்டு உங்க ஸ்கூல்லயே சேத்து விடுங்க. 30 நாள் கழிச்சு டெஸ்டுக்குப் போகலாம். லைசன்ஸ் கைக்கு வர்ற வரைக்கும் சாவி உங்க பாக்கெட்லயே இருக்கட்டும், எங்கயாவது போகணும்னா நீங்களே கொண்டு போய் விட்டுட்டு வாங்க.