சூடாக இருக்கும் கறியை ஃபிரிட்ஜில் வைக்கலாமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ராத்திரி எட்டு மணிக்கு மீன் கறி இறக்குகிறேன். சூடாக ஃபிரிட்ஜில் வைத்தால் கம்ப்ரசர் போய்விடும், வெளியிலேயே ஆறட்டும் என்று மாமியார் சொல்கிறார். ஆறும்வரை காத்திருந்தால் பதினொன்று ஆகிவிடுகிறது. எது சரி? (தக்கலை)

கொதிக்கக் கொதிக்க வைப்பதும் தப்பு, முழுக்க ஆறும்வரை வெளியில் விடுவதும் தப்பு. இரண்டாவதுதான் பெரிய தப்பு.

சமைத்த உணவு 60 டிகிரிக்குக் கீழே இறங்கியதும் அதில் கிருமிகள் பெருக இடம் கிடைக்கிறது. 20 முதல் 50 டிகிரிக்குள் அவை வேகமாகப் பெருகும். ஓட்டல் சமையலறைகளுக்கு அமெரிக்க உணவு விதி ஒரு கணக்கு வைத்திருக்கிறது: 57 டிகிரியிலிருந்து 21 டிகிரிக்கு இரண்டு மணி நேரத்துக்குள், அங்கிருந்து 5 டிகிரிக்கு அடுத்த நான்கு மணி நேரத்துக்குள் இறங்கிவிட வேண்டும். நம் ஊர் அடுக்களையில் ராத்திரியிலும் 28, 30 டிகிரி இருக்கும். அதற்குக் கீழே சட்டி வெளியில் ஆறவே ஆறாது. ‘நல்லா ஆறிடுச்சு’ என்று நாம் தொட்டுப் பார்க்கும் சூடு, கிருமிக்கு நல்ல வசதியான சூடு.

மூன்று லிட்டர் மீன் கறியை எடுத்துக்கொள்வோம். மண்சட்டியிலேயே விட்டால் சட்டியின் கனமும் கறியின் ஆழமும் சேர்ந்து சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். எனவே இறக்கிக் கால் மணி நேரம் கழித்து, அகலமான இரண்டு எவர்சில்வர் பாத்திரங்களில் இரண்டு அங்குல ஆழத்துக்கு மேல் போகாமல் ஊற்றுங்கள். ஒரு பெரிய பேசினில் கிணற்றுத் தண்ணீரோ குழாய்த் தண்ணீரோ நிரப்பி, கறி இருக்கும் மட்டத்துக்குத் தண்ணீர் வரும்படி பாத்திரங்களை அதில் நிறுத்துங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மீன் உடையாமல் ஓரமாகக் கிளறுங்கள். தண்ணீர் வெதுவெதுப்பானதும் மாற்றுங்கள். அரை மணி நேரத்தில் கறி கைபொறுக்கும் சூட்டுக்கு, சுமார் 40 டிகிரிக்கு, வந்துவிடும். அதன் பிறகு மூடி போட்டு ஃபிரிட்ஜில் வைக்கலாம். மீதியை அது பார்த்துக்கொள்ளும். சூடான மண்சட்டியை அப்படியே தண்ணீரில் இறக்காதீர்கள், விரிசல் விடும்.

ஆறும் நேரத்தில் இறுக்கி மூட வேண்டாம், வலை மூடி போதும். தேங்காய் அரைத்த கறிக்கு இந்த அவசரம் கூடுதல். புளி தூக்கலாக இருக்கும் கறி கொஞ்சம் தாங்கும், ஆனால் அதை நம்பி விடிய விடிய வெளியில் வைக்க நான் சொல்ல மாட்டேன்.

கேள்வி: 190 லிட்டர் சிங்கிள் டோர். ஒரு விசேஷத்துக்குச் செய்த பாயசத்தைக் குத்துப்போணியோடு சூடாக உள்ளே வைத்தோம். கம்ப்ரசர் நிற்காமல் ஓடியது, பிறகு ‘டிக்’ என்று நின்று, சில நிமிடம் கழித்து மறுபடி ஓடியது. கெட்டுப் போய்விட்டதா? (மார்த்தாண்டம்)

பெரும்பாலும் கெடவில்லை. அந்த ‘டிக்’ கம்ப்ரசரின் பக்கத்தில் இருக்கும் ஓவர்லோடு. மோட்டார் அளவுக்கு மீறிச் சூடானாலோ கரண்ட் அதிகம் இழுத்தாலோ அது தொடர்பைத் துண்டிக்கும். ஆறியதும் தானே சேர்க்கும்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் விஷயம் புரியும். மூன்று லிட்டர் உணவை 85 டிகிரியிலிருந்து 5 டிகிரிக்குக் கொண்டுவர ஏறக்குறைய 960 கிலோஜூல் வெப்பத்தை வெளியேற்ற வேண்டும். சின்ன ஃபிரிட்ஜ் ஒன்று நூறு வாட் வேகத்தில் வெப்பத்தை எடுப்பதாக வைத்துக்கொண்டால், வழக்கமான வேலை போக இரண்டேமுக்கால் மணி நேரம் கூடுதலாக ஓட வேண்டும். அதே உணவு 35 டிகிரியில் உள்ளே போனால் ஒரு மணி நேரம் போதும். மின்சாரத்தில் வித்தியாசம் பத்தில் ஒரு யூனிட் அளவுதான் வரும். ஆகவே பில்லை நினைத்துப் பயப்பட ஒன்றுமில்லை.

கம்ப்ரசருக்கு ஒருநாள் நீண்ட ஓட்டம் ஒரு பொருட்டல்ல. உள்ளே சூடு அதிகமாக இருக்கும்போது அதற்குத் திரும்பி வரும் கேஸின் அழுத்தம் கூடும், மோட்டாருக்குப் பளு ஏறும். அதோடு வோல்டேஜ் குறைவும், சுவரை ஒட்டித் தள்ளி வைத்த பின்பக்கமும், தூசி படிந்த கம்பி வலையும் சேர்ந்தால்தான் ஓவர்லோடு துண்டிக்கிறது. பின்னால் ஒரு கை அகல இடம் விடுங்கள். தினமும் இப்படி வைத்தால் ஆயுள் குறையும். உள்ளே சூடாக எதுவும் இல்லாதபோதும் ‘டிக்’ கேட்டுக்கொண்டே இருந்தால் மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டியதுதான். ஓவர்லோடு, ரிலே, வோல்டேஜ் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள்.

இன்வெர்ட்டர் கம்ப்ரசர் என்றால் வேகத்தைக் கூட்டிச் சமாளிக்கும். அதற்காகப் பக்கத்தில் இருக்கும் பால் சூடேறாமல் தப்பித்துவிடாது.

கேள்வி: சோறும் குழம்பும் சூடாக வைத்த மறுநாள் பால் திரிந்துவிட்டது. ஃபிரீசரிலும் ஐஸ் கட்டியாக ஏறியிருக்கிறது. இரண்டுக்கும் தொடர்பு உண்டா? (குளச்சல்)

உண்டு. சூடான பாத்திரத்திலிருந்து கிளம்பும் காற்று பக்கத்திலிருக்கும் பாலையும் மாவையும் தொட்டுத்தான் போகிறது. நான்கு டிகிரியில் இருந்த பால் பத்துக்கு மேல் ஏறிச் சில மணி நேரம் அப்படியே இருந்தால், மறுநாள் காய்ச்சும்போது திரிவதில் ஆச்சரியமில்லை. ஒரு டம்ளர் தண்ணீரில் தெர்மாமீட்டரை வைத்து, சூடான பாத்திரம் வைப்பதற்கு முன்னும் ஒரு மணி நேரம் கழித்தும் பார்த்தால் உங்களுக்கே தெரிந்துவிடும்.

நீராவியும் உள்ளே எங்காவது படிந்தாக வேண்டும். சிங்கிள் டோரில் குளிர்ந்த தகடு என்றால் ஃபிரீசர் சுவர்தான். அங்கே போய் ஐஸாகிறது. ஐஸ் ஏற ஏறத் தகடு உள்ளே இருக்கும் வெப்பத்தை எடுப்பது மந்தமாகும், கம்ப்ரசர் இன்னும் அதிகம் ஓடும். அரை சென்டிமீட்டர் கனம் வந்ததும் டீஃப்ராஸ்ட் பட்டனை அழுத்துங்கள். கத்தியால் குத்தி எடுக்கவே கூடாது. தகட்டில் ஓட்டை விழுந்தால் கேஸ் போய்விடும், அந்தச் செலவு கம்ப்ரசர் செலவுக்குச் சளைத்ததல்ல.

சிங்கிள் டோரில் வெதுவெதுப்பான பாத்திரத்தை மேல் தட்டில் வையுங்கள். சூடு நேராக ஃபிரீசருக்குப் போகும், கீழே இருப்பவை தப்பும். பாலை அந்தத் தட்டிலிருந்து எடுத்துவிடுங்கள். ஃபிராஸ்ட் ஃப்ரீ என்றால் காற்று வரும் துளையை மறைக்காமல் வைத்தால் போதும்.

சோற்றுக்கு ஒரு தனி எச்சரிக்கை. அரிசியில் இருக்கும் பேசில்லஸ் கிருமியின் வித்து வெந்தாலும் சாகாது. சோறு பானையில் குவியலாக வெதுவெதுப்பில் கிடந்தால் முளைத்து நஞ்சு விடும். அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. சோற்றைத் தட்டில் பரப்பி ஆறவைத்து, ஒரு மணி நேரத்துக்குள் உள்ளே வையுங்கள். அவித்த மரச்சீனிக் கிழங்கையும் இப்படிப் பரப்பி ஆறவைப்பது நல்லது.

கேள்வி: சூடாக வைத்த அரை மணியில் கரண்ட் போனால்? (குலசேகரம்)

மூடியே இருக்கும் ஃபிரிட்ஜ் நான்கு மணி நேரம்வரை குளிரைக் காக்கும் என்பது உள்ளே எல்லாம் குளிர்ந்திருந்தால்தான். சூடான பாத்திரம் இருந்தால் அந்தக் கணக்கு செல்லாது. ஒருமுறை திறந்து அதை வெளியே எடுத்து, தண்ணீர்ப் பேசினில் ஆறவைத்துவிட்டு, கதவை மூடியே வையுங்கள். கரண்ட் வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனால், அந்தக் கறியை நன்றாகக் கொதிக்கவைத்து அப்போதே சாப்பிட்டு முடித்துவிடுவதுதான் நல்லது.

கேள்வி: கண்ணாடித் தட்டு உடையுமா? (நாகர்கோவில்)

அந்தக் கண்ணாடி உறுதியானதுதான். ஆனால் ஓரத்தில் கீறல் இருந்தால், அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரம் பட்டதும் நொறுங்கலாம். கைபொறுக்கும் சூட்டில் அந்தப் பயம் இல்லை.