எட்டு மடங்கு நீர் எங்கே? ஆலைக் கழிவைப் பற்றி எழுதுவோருக்கான கேள்வி பதில்

(யாழ்ப்பாணத்து நீர் ஆய்வுகூடம் ஒன்றில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வுபெற்ற ஒருவர், வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் தருகிறார்.)

அராலியிலிருந்து ஓர் இளம் நிருபர்: அக்கா, மீன்கள் செத்து மிதந்த இடத்தில் காலை 11 மணிக்கு நீர் எடுத்துக் கொடுத்தேன். கரைந்த ஒட்சிசன் லீற்றருக்கு 6.5 மில்லிகிராம் என்று அறிக்கை வந்திருக்கிறது. நீர் நன்றாக இருக்கிறதாம். கடற்றொழிலாளர் பொய் சொல்கிறார்களா?

அவசரப்படாதீர்கள் தம்பி. மீன் எத்தனை மணிக்குச் செத்தது என்று அவர்களிடம் கேட்டீர்களா? விடியற்காலை என்றுதான் சொல்லியிருப்பார்கள். கழிவு சேரும் தேங்கிய நீரில் பாசி பச்சையாகப் படரும். பகலில் அந்தப் பாசி ஒட்சிசனை வெளியிடுகிறது. இரவு முழுவதும் அதுவும் கழிவைத் தின்னும் நுண்ணுயிர்களும் சேர்ந்து ஒட்சிசனை உறிஞ்சுகின்றன. சூரியன் எழுவதற்குச் சற்று முன்னர்தான் அளவு அடிமட்டத்துக்கு வருகிறது. அதே இடத்தில் காலை 5 மணிக்கு 1.8, 11 மணிக்கு 6.5 என்று வந்தால் இரண்டுமே உண்மை. மீன் மூச்சுக்குத் திணறியது முதலாவதில்.

ஒட்சிசனை ஆற்றங்கரையிலேயே மானி வைத்து அளக்க வேண்டும். அல்லது போத்தலை வாய்வரை குமிழி இல்லாமல் நிரப்பி, ஆய்வுகூடம் தரும் இரண்டு கரைசல்களை அங்கேயே விட்டு மூட வேண்டும். மோட்டார் சைக்கிள் பையில் குலுங்கிப் போன போத்தலின் எண்ணை நான் நம்பமாட்டேன். ஆலைக் கழிவு ஆற்றில் விழும் வாய்க்கு மேலேயும் அதே விடியற்காலையில் ஓர் அளவு வேண்டும். மேலே 4.6, கீழே 1.8 என்றால் உங்கள் கட்டுரைக்கு முதுகெலும்பு கிடைத்துவிட்டது. மேலேயும் 1.9 என்றால் ஆலையை விட்டுவிட்டு வேறு காரணம் தேடுங்கள்.

சங்கானையிலிருந்து ஓர் ஆசிரியர்: ஆலையின் கழிவுநீரில் பீ.ஓ.டி. 28. சட்ட எல்லை 30. எனவே ஆலை சட்டத்தை மீறவில்லை என்றுதானே நேர்மையாக எழுத வேண்டும்?

பாதி சரி. நீரிலுள்ள கழிவைத் தின்னும்போது நுண்ணுயிர்கள் எவ்வளவு ஒட்சிசனை உறிஞ்சும் என்பதுதான் பீ.ஓ.டி. உள்நாட்டு நீர்நிலைக்குள் விடும் கழிவுக்கு 2008 ஆம் ஆண்டின் வர்த்தமானி விதிகளில் 30 என்பது உண்மை. ஆனால் அந்த அட்டவணையின் அடியில் ஒரு குறிப்பு இருக்கிறது. கழிவோடு குறைந்தது எட்டு மடங்கு சுத்தமான நீர் கலக்கும் என்று வைத்துத்தான் அந்த எண்கள் வகுக்கப்பட்டன. கலப்பு அதற்குக் குறைந்தால் எல்லையும் அந்த விகிதத்தில் குறையும். நம் பக்கம் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஏது? வழுக்கையாறுகூட மாரியில் ஓடிக் கடனீரேரியில் விழுந்து, பிறகு வற்றிப்போகிறது. அப்படிப்பட்ட ஆற்றில் ஆவணி மாதத்தில் எட்டு மடங்கு நீருக்கு எங்கே போவது?

ஒரு கணக்கைப் பாருங்கள். கழிவு வாய்க்கு மேலே ஆறு 2 மீற்றர் அகலமும் சராசரி 5 சென்ரிமீற்றர் ஆழமும் இருக்கிறது. தோடம்பழம் ஒன்றை மிதக்கவிட்டால் 10 மீற்றரைக் கடக்க 100 செக்கன் ஆகிறது. மேற்பரப்பு நீர் அடிநீரைவிட வேகமாக ஓடுவதால் 0.8 ஆல் பெருக்குங்கள். செக்கனுக்கு ஏறத்தாழ 8 லீற்றர் வரும். கழிவுக் குழாயில் 20 லீற்றர் வாளி 5 செக்கனில் நிரம்பினால் அது 4 லீற்றர். கலப்பு இரண்டு மடங்குதான். எல்லை 30 ஐ எட்டால் வகுத்து இரண்டால் பெருக்கினால் 7.5. இப்போது 28 எப்படித் தெரிகிறது?

ஆனாலும் “சட்டத்தை மீறியது” என்று நீங்களே தீர்ப்பெழுத வேண்டாம். ஆலையின் சுற்றாடல் பாதுகாப்பு உரிமத்தில் என்ன நிபந்தனை இருக்கிறது என்று 2016 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் மத்திய சுற்றாடல் அதிகார சபையிடம் கேளுங்கள். உங்கள் கணக்கை ஆலைக்கும் அனுப்பிப் பதில் வாங்குங்கள். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் போதும்.

சுன்னாகத்திலிருந்து ஒரு குடும்பத் தலைவி: எங்கள் கிணற்றிலும் எண்ணெய் மிதந்தது. அதையும் இந்தக் கட்டுரையில் சேர்க்க முடியுமா?

உங்கள் வேதனை புரிகிறது அம்மா, ஆனால் அது நிலத்தடி நீர். சுண்ணக்கல்லுக்குள் நீர் போகும் பாதை வேறு, ஆற்றின் பாதை வேறு. இரண்டையும் ஒரே கட்டுரையில் கலந்தால் எதிராளி அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டு மற்றதையும் தள்ளிவிடுவார். கிணற்று நீரை மறுபடி கொடுப்பதானால் கண்ணாடிப் போத்தலில் கொடுங்கள், அதை அந்த நீரால் அலசாதீர்கள். எண்ணெய் போத்தலின் சுவரில் ஒட்டிக்கொண்டு அளவைக் கெடுத்துவிடும்.

ஒரு பல்கலைக்கழக மாணவி: கடற்றொழிலாளர் ஒருவர் “நல்லூர்த் தேருக்கு மறுநாள் திரளியும் ஓராவும் வாயைப் பிளந்துகொண்டு மேலே வந்தன” என்றார். இதை எப்படி ஆதாரமாக எடுப்பது, அக்கா?

அதைவிட நல்ல திகதி எங்கே கிடைக்கும், தங்கச்சி! தேருக்கு மறுநாள் தீர்த்தம், அது ஆவணி அமாவாசை. நாட்காட்டியில் திகதி கிடைத்துவிடும். அந்த வாரத்தில் மழை பெய்ததா என்று வளிமண்டலவியல் திணைக்களத்திடம் பாருங்கள். மழை இல்லையென்றால், “தோட்டத்து உரம் முதல் மழையில் அடித்து வந்தது” என்ற மறுப்பு அந்த நாளைப் பொறுத்தவரை நிற்காது.

“வாயைப் பிளந்துகொண்டு மேலே வந்தன” என்பதும் சும்மா வர்ணனை அல்ல. ஒட்சிசன் குறைந்தால் மீன் மேற்பரப்பில் வாயால் விழுங்கும். நஞ்சு பட்டால் பெரும்பாலும் நிலை தடுமாறிச் சுழலும். இது மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது, எந்தச் சோதனையை முதலில் கேட்பது என்று தெரியும். ஆகவே அவருடைய சொல்லை உங்கள் நடைக்கு மாற்றாதீர்கள். “கழிவால்தானே செத்தன?” என்றும் கேட்காதீர்கள். எந்த வலை, எந்த இடம், எந்த மீன் முதலில், நண்டு தப்பியதா என்று கேளுங்கள். ஒருவரையொருவர் கேட்காதபடி தனித்தனியாகக் கேளுங்கள். சங்கக் கட்டடத்தில் பத்துப் பேரைச் சேர்த்துக் கேட்டால் பத்துக் குரலில் ஒரே கதை கிடைக்கும்.

குருநகர்க் கடற்றொழிலாளர் ஒருவர்: நாங்கள் நட்ட ஈடு கேட்பதற்காகத்தான் கதை கட்டுகிறோம் என்று ஆலைக்காரர் சொல்கிறார். எங்கள் சொல்லுக்கு மதிப்பே இல்லையா?

மதிப்பு இருக்கிறது அண்ணா. நீங்கள் நட்ட ஈடு கேட்டிருக்கிறீர்கள் என்பதைக் கட்டுரை மறைக்காமல் சொல்ல வேண்டும். மறைத்தால்தான் சந்தேகம் வரும். மீன் வாங்கும் முதலாளியின் கொள்வனவுப் புத்தகத்தில் அன்றைய நிறை பதிந்திருக்கும். அதை ஒரு படம் எடுத்துக் கொடுங்கள். அவருக்கு ஆலையோடு வழக்கு எதுவும் இல்லை.

முதல் நிருபர் மீண்டும்: கடனீரேரி முகத்தில் எடுத்த நீரில் சீ.ஓ.டி. 900 என்று வந்திருக்கிறது. தலைப்பாகப் போடலாமா?

வேண்டாம். சீ.ஓ.டி. என்பது நீரிலுள்ள கழிவை இரசாயனத்தால் ஒட்சியேற்றத் தேவைப்படும் ஒட்சிசன். அங்கே உவர்நீர். உப்பிலுள்ள குளோரைட்டு அதிகமானால் அந்தச் சோதனையே பொய்யாக ஏறிவிடும். குளோரைட்டு எவ்வளவு, அதற்குத் திருத்தம் செய்தார்களா என்று ஆய்வுகூடத்திடம் கேட்டுவிட்டுத்தான் அந்த எண்ணைத் தொட வேண்டும்.

அதே மாணவி: சில ஆண்டுகளாக இறால் குறைந்துவருகிறது என்றும் எல்லோரும் சொல்கிறார்கள். அதையும் ஆலையோடு இணைக்கலாமா?

இதில் எனக்கும் உங்கள் பல்கலைக்கழக ஆசிரியருக்கும் கருத்து ஒத்துப்போகாது. இணைக்கலாம் என்பார் அவர், வேண்டாம் என்பேன் நான். உப்பின் அளவு மாறியிருக்கலாம், வலைகள் பெருகியிருக்கலாம், குஞ்சுகளை வளரவிடாமல் பிடித்திருக்கலாம். ஒரு பருவத்தின் போத்தல்களால் பல ஆண்டுச் சரிவை விளக்க முடியாது. கடற்றொழிலாளர் சொல்கிறார்கள் என்று அவர்கள் பெயரிலேயே எழுதுங்கள், ஆலையின் கணக்கில் எழுதாதீர்கள். அடுத்த ஆவணியிலும் அதே இடங்களில், அதே விடியற்காலையில் அளவு எடுத்தால் மறுபடி பேசலாம்.