கடலரிப்பு அறிக்கையை எட்டு வரியில் எழுதுவது எப்படி?

கேள்வி: குளச்சல் பக்கம் எங்கள் பங்கின் மாதச் செய்திமடலை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். தேசியக் கடலோர ஆராய்ச்சி மையத்தின் கரையோர மாற்ற அறிக்கையைச் சுருக்கிப் போடச் சொன்னார் பங்குத்தந்தை. இடம் எட்டு வரிதான். ‘இந்தியக் கடற்கரையில் மூன்றில் ஒரு பங்கைக் கடல் தின்றுவிட்டது, குமரி மாவட்டமும் தப்பவில்லை’ என்று எழுதினேன். பொறியியல் படிக்கும் ஒரு தம்பி இது தப்பு என்கிறான். எங்கே தப்பு?

பதில்: தம்பி சொல்வது சரிதான்.

அந்த மையம் அளந்தது கரையின் நீளத்தை. 1990 முதல் 2018 வரையான செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டு, தீவுகள் நீங்கலாக 6,907 கிலோமீட்டர் கரையைப் பார்த்தார்கள். அதில் 33.6 சதவீத நீளத்தில் அரிப்பு இருக்கிறது. அங்கேயும் ஓரிடத்தில் லேசாக, இன்னோரிடத்தில் கடுமையாக. எத்தனை ஏக்கர் நிலம் போனது என்பதை இந்தச் சதவீதம் சொல்லாது. உங்கள் வரியைப் படிப்பவரோ, கடலோர நிலத்தில் மூன்றில் ஒன்று தண்ணீருக்குள் போய்விட்டது என்றுதான் எடுத்துக்கொள்வார். ‘மூன்றில் ஒரு பங்கு’ என்று முழுமைப்படுத்தியதில் குற்றமில்லை. எதில் ஒரு பங்கு என்பது விட்டுப்போனதுதான் கோளாறு.

அதே அட்டவணையில் இன்னும் இரண்டு எண்கள் உண்டு. 26.9 சதவீத நீளத்தில் மணல் சேர்ந்து கரை வளர்ந்திருக்கிறது. 39.6 சதவீதம் பெரிய மாற்றமில்லாமல் இருக்கிறது. இடம் போதவில்லை என்று முதலில் கைவைப்பது இந்த மாதிரி எண்களில்தான். ஆனால் இவை இல்லாவிட்டால் 33.6 என்பது அதிகமா குறைவா என்று வாசகருக்கு எடைபோட வழியே இல்லை. அதனால் வேறு எதை வெட்டினாலும் இவற்றை வெட்டாதீர்கள். மூன்றையும் கூட்டினால் 100.1 வரும். தசமத்தை முழுமைப்படுத்தியதால் வரும் வித்தியாசம் அது. நீங்களாக ஒன்றைக் குறைத்துச் சரிக்கட்ட வேண்டாம்.

அடுத்தது ‘குமரி மாவட்டமும் தப்பவில்லை’. இந்திய அளவிலான எண்ணுக்குப் பக்கத்தில் ஊர்ப் பெயரை வைத்தால், அந்த எண் ஊருக்கும் பொருந்தும் என்று ஆகிவிடுகிறது. ஊர் மடல்களில் நான் அதிகம் பார்க்கும் பிழை இது. தமிழ்நாட்டுக் கணக்கு தனியாக இருக்கிறது: 991 கிலோமீட்டரில் சுமார் 423, அதாவது 42.7 சதவீதம். அதுவும் பழவேற்காடு தொடங்கி நீரோடி வரைக்குமான மொத்தம். அதை வைத்துக் குளச்சலைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. மையம் வெளியிட்ட 1:25,000 அளவிலான 526 வரைபடங்களில் உங்கள் கரை வரும் தாளை எடுத்து, அதில் என்ன நிறம் காட்டியிருக்கிறது என்று பாருங்கள். தாள் கைக்கு வராவிட்டால் மாநிலத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஆண்டிலும் கவனம் வேண்டும். 2018-இல் வெளிவந்த அறிக்கை 2016 வரையான தரவைத்தான் பார்த்தது. நான் மேலே சொன்னவை 2018 வரை நீட்டிய கணக்கு. ‘2018 அறிக்கை’ என்று மட்டும் எழுதினால் இரண்டும் குழம்பும்.

எழுதும்போது அறிக்கையின் முன்சுருக்கத்தை மட்டும் நம்பாதீர்கள். எண்ணை அட்டவணையில் தேடி, எதை அளந்தார்கள், எங்கே, எந்த ஆண்டு முதல் எதுவரை, எவ்வளவு என்ற நான்கையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அறிக்கையை மூடிவிட்டு அந்தத் தாளிலிருந்து எழுதுங்கள். நான் எழுதினால் இப்படி இருக்கும்:

*‘1990 முதல் 2018 வரை நம் நாட்டுக் கடற்கரை எப்படி மாறியது என்று தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம் ஆராய்ந்தது. கரையின் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கில் கடலரிப்பு இருக்கிறது. கால் பங்குக்குச் சற்று மேல் மணல் சேர்ந்து வளர்ந்திருக்கிறது. மீதி பெரிதாக மாறவில்லை. தமிழ்நாட்டில் அரிப்புள்ள நீளம் 42.7 சதவீதம். இது மாநிலம் முழுமைக்குமான கணக்கு.’*

அச்சுக்குப் போகுமுன், அறிக்கையைப் பார்க்காத ஒருவரிடம் இதைக் கொடுத்து, ‘நம்ம ஊர்க்கரை எவ்வளவு போயிருக்கு?’ என்று கேளுங்கள். ‘அது இதுல இல்லையே’ என்று சொன்னால் அச்சுக்குக் கொடுக்கலாம். ஒரு எண்ணைச் சொன்னால் கடைசி இரண்டு வாக்கியங்களை மாற்றி எழுதுங்கள்.

அரிப்பைத் தடுக்கத் தூண்டில் வளைவு வேண்டும் என்ற ஊர்க் கோரிக்கையையும் இதே மடலில் போடுவீர்கள் என்று நினைக்கிறேன். தாராளமாகப் போடுங்கள், ஆனால் தனித் தலைப்பில், பங்கு மக்களின் கோரிக்கை என்றே போடுங்கள். ‘எனவே’ போட்டு இந்தச் சுருக்கத்தோடு கோத்துவிட்டால், மையமே அதைப் பரிந்துரைத்தது போல ஆகிவிடும். நாளைக்கு யாராவது அதிகாரி ‘எந்தப் பக்கத்தில் இருக்கிறது?’ என்று கேட்டால் காட்ட ஒன்றும் இருக்காது.