ராத்திரி 11 மணிக்கு மேனேஜர் மெசேஜ்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

சோழிங்கநல்லூரில் ஐ.டி. வேலை, நேரம் 10 முதல் 7. டீம் லீட் ராத்திரி 11 மணிக்கு மேல் வாட்ஸ்அப்பில் கேள்வி கேட்கிறார், பதில் போடாவிட்டால் போனே வந்துவிடுகிறது. எப்படிச் சொல்வது?

சொல்வதற்கு முன்னால் இரண்டு வாரம் குறித்து வையுங்கள்: தேதி, மணி, என்ன கேட்டார், காலை வரை பொறுத்திருக்குமா. என்னிடம் வந்த ஒருவர் இப்படிக் குறித்ததில் 14 நாளில் 19 அழைப்பும் மெசேஜும் இருந்தன, நிஜமான அவசரம் இரண்டுதான். மீதியில் பெரும்பாலும் "அந்த வேலை முடிஞ்சுதா?" என்ற ஒரே கேள்வி. காரணமும் அதிலேயே தெரிந்தது. லீடுக்கு 11:30க்கு அமெரிக்க கிளையன்ட்டோடு கால், அதற்குப் போகும் முன் நிலவரம் தேவைப்பட்டிருக்கிறது. தினமும் மாலை 6:30க்கே நாலு வரி நிலவரம் அனுப்ப ஆரம்பித்தார், பாதி குறைந்தது.

அப்புறம்தான் மெயில். முதலில் நேரில் பேசுங்கள், அன்றைக்கே "நாம் பேசியபடி" என்று தொடங்கி எழுதுங்கள்: "இரவு 8 முதல் காலை 9 வரை வரும் மெசேஜ்களுக்குக் காலை 9:30க்குள் பதில் தருகிறேன். சர்வர் நின்றுபோனாலோ, கிளையன்ட்டின் வேலை முடங்கினாலோ போன் செய்யுங்கள், எடுக்கிறேன்." அவசரம் என்றால் என்ன என்பதை எழுதாமல் விட்டால் எல்லாமே அவசரமாகிவிடும். முதல் மெயிலிலேயே எச்.ஆரைச் சேர்க்காதீர்கள், அது புகார் மாதிரி ஆகிவிடும். மெயில் போட்ட முதல் வாரம் 11:40க்கு ஒரே ஒரு "ஓகே" போட்டாலும் எழுதியது வீண், நிறைய பேர் சறுக்குவது அங்கேதான்.

தி.நகரில் ஜவுளிக்கடை. கடை மூடியபிறகும் சூப்பர்வைசர் போன் செய்து ஸ்டாக் கணக்கு கேட்கிறார். சட்டம் இருக்கிறதா?

வேலை நேரத்துக்குப் பின் போனை எடுக்காமல் இருக்கும் உரிமைக்கென்று இந்தியாவில் தனிச் சட்டம் இல்லை. பிரான்சில் 2017 முதல் இருக்கிறது, ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்டில் வந்தது. ஆனால் 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் சட்டப்படி நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணிதான் வழக்கமான வேலை நேரம், அதற்கு மேல் செய்தால் இரட்டைச் சம்பளம். அதனால் போனில் கணக்குச் சொன்ன நிமிடங்களையும் எழுதி வைத்து, மாதக் கடைசியில் ஓவர்டைமாக எழுத்திலேயே கேளுங்கள்.

வேலை விஷயமே இல்லை. "தூங்கிட்டியா", "போட்டோ அனுப்பு" என்று நள்ளிரவில் மேனேஜரிடமிருந்து வருகிறது. நானும் எல்லை போட்டு மெயில் எழுதலாமா?

வேண்டாம்மா, இதில் நேரம் பேச ஒன்றுமில்லை, பகலில் வந்தாலும் தப்புதான். 2013ஆம் ஆண்டின் பாலியல் துன்புறுத்தல் தடைச் சட்டப்படி, 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் இப்படிப்பட்ட புகாரை விசாரிக்க உள்ளகக் குழு இருந்தாக வேண்டும். கடைசியாக நடந்ததிலிருந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் கொடுங்கள். குழுவே இல்லையென்றாலோ, புகார் முதலாளி மீதே என்றாலோ மாவட்ட அளவிலான குழுவிடம் போகலாம். எரிச்சலில் மெசேஜை அழித்துவிடாதீர்கள். தேதியும் நம்பரும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து, ஆபீஸ் லேப்டாப்பில் இல்லாமல் உங்கள் சொந்த மெயிலுக்கு இன்றைக்கே அனுப்பி வையுங்கள்.