ஊக்கமருந்து செய்திக்கு 50 லட்சம் கேட்டு நோட்டீஸ்: பி சாம்பிள் வரட்டும்னு காத்திருக்கலாமா?

கேள்வி: சார், மன்னார்குடி பக்கம் சின்னதா ஒரு யூடியூப் நியூஸ் சேனல் நடத்துறேன். எங்க ஏரியா ஓட்டப்பந்தய வீரர் ஒருத்தருக்கு (19 வயசு) தேசிய ஊக்கமருந்து தடுப்பு அமைப்பான நாடாவுலேருந்து வந்த நோட்டீஸோட போட்டோ இன்னொரு கோச் மூலமா கெடச்சுது. ‘போதை ஊசி போட்டு ஏமாற்றினாரா மன்னை வீரர்?’னு வீடியோ போட்டேன். உள்ள எல்லா எடத்துலயும் ‘கூறப்படுகிறது’ன்னுதான் சொன்னேன். போடறதுக்கு முன்னாடி போன் பண்ணேன், எடுக்கல. இப்ப 50 லட்சம் கேட்டு வக்கீல் நோட்டீஸ். அவரோட மாமா கட்சிக்காரர், டீக்கடைல வச்சு மெரட்டினார். டிவிக்காரங்களும்தான் போட்டாங்க, அவங்களுக்கு நோட்டீஸ் இல்ல. ஏ சாம்பிளோட சேத்து எடுத்து தனியா சீல் வச்ச ரெண்டாவது பாட்டில், அதான் பி சாம்பிள், அதோட ரிசல்ட் வந்தா எல்லாம் தெரிஞ்சிடும், அதுவரைக்கும் இழுக்கலாமா?

பதில்: தம்பி, மாமா மெரட்டினது தனி மேட்டர், ஸ்டேஷன்ல ஒரு மனு குடுத்து சிஎஸ்ஆர் வாங்கி வச்சுக்கங்க, அத இதோட கலக்காதீங்க. டிவிக்கு ஏன் நோட்டீஸ் போகலன்னா, யார் மேல கேஸ் போடணும்ங்கறது அவர் இஷ்டம், கோர்ட்ல அத ஒரு பதிலாவே எடுத்துக்க மாட்டாங்க.

உங்க கேஸ்ல பாக்க வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான். உங்க கைல இருந்த பேப்பர் என்ன சொல்லுது, உங்க வீடியோ என்ன சொல்லுது. நீங்க அனுப்பின நாடா நோட்டீஸ நான் முழுசா படிச்சேன். ஏ சாம்பிள்ல தடை செஞ்ச பொருள் ஒண்ணு இருக்குறதா லேப் ரிப்போர்ட் வந்திருக்கு, பி சாம்பிளத் தொறந்து பாக்கச் சொல்லிக் கேக்க உங்களுக்கு உரிமை இருக்கு, அதுவரைக்கும் தற்காலிகமா சஸ்பெண்ட் பண்றோம், விளக்கம் குடுங்க, அவ்வளவுதான் அதுல இருக்கு. ஊசின்னு எங்கயும் இல்ல. ஏமாத்தினார்னு எங்கயும் இல்ல. போதைன்னு சுத்தமா இல்ல. போதைன்னா ஊர்ல கஞ்சா கேஸ்னுதான் நெனப்பாங்க, அது வேற சட்டம், வேற குற்றம். அந்த மூணு வார்த்தையும் நீங்களா சேத்தது, 50 லட்சம் கேக்குறதும் அந்த மூணுக்குத்தான்.

‘கூறப்படுகிறது’ காப்பாத்தும்னு நெறைய பேர் நம்புறாங்க. யார் கூறினா? நாடா கூறினதுன்னா நாடாவோட பேரப் போட்டு அவங்க எழுதினத மட்டும் சொல்லணும். அந்த கோச் கூறினதுன்னா, போட்டியாளரோட கோச் சொன்னத நீங்க திருப்பிச் சொன்னீங்க, அவதூறத் திருப்பிச் சொன்னாலும் சொன்னவருக்குப் பொறுப்பு உண்டு. தலைப்புல கேள்விக்குறி போட்டதும் அதே கதைதான், படிக்கிற சாதாரண ஆளுக்கு என்ன அர்த்தம் போய்ச் சேருதுன்னுதான் பாப்பாங்க.

இப்ப நீங்க கேட்டதுக்கு வரேன், இதுலதான் என்கிட்ட வர்ற ஆளுங்க மாட்டிக்கிறாங்க. பி சாம்பிள் வரட்டும், பாசிட்டிவ்னா நான் ஜெயிச்சேன்னு ஒரு நெனப்பு. கெடையாது. ஊக்கமருந்து விதிப்படி ஒடம்புல அந்தப் பொருள் இருந்தாலே விதிமீறல்தான், எப்படி உள்ள போச்சு, தெரிஞ்சு போச்சா தெரியாம போச்சாங்கறது தண்டனையக் கூட்டவோ கொறைக்கவோதான் வரும். கலப்படமான சப்ளிமென்ட் பவுடராலயும் வரலாம், டாக்டர் எழுதின மாத்திரையாலயும் வரலாம். அதனால பி சாம்பிள் பாசிட்டிவ்னே வந்தாலும் ‘தடை செஞ்ச பொருள் இருந்துச்சு’ங்கறதுதான் உண்மையாகும், ‘ஊசி போட்டு ஏமாத்தினார்’ங்கறது அப்பவும் நிரூபணம் ஆகாது. பாரதிய நியாய சன்ஹிதா 356-ல உண்மையா இருந்து பொது நன்மைக்காகவும் இருந்தா தப்பிக்கலாம்னு விதிவிலக்கு இருக்கு, ஆனா நீங்க சொன்ன விஷயம் உண்மையா இருக்கணும், அதுக்குப் பக்கத்துல இருக்குற இன்னொரு விஷயம் இல்ல.

எதிர்மாறா வந்துச்சுன்னா இன்னும் மோசம். பளுதூக்கும் வீராங்கனை சஞ்சிதா சானு மேல 2018-ல வந்த குற்றச்சாட்ட எடுத்துக்கங்க, பேப்பர்ல சாம்பிள் நம்பரே மாறியிருந்துச்சு, கடைசில 2020-ல சர்வதேச பளுதூக்குதல் சம்மேளனம் அந்தக் குற்றச்சாட்டக் கைவிட்டுது. ரெண்டு வருஷம். அந்த மாதிரி ஆச்சுன்னா உங்க வீடியோ அதுவரைக்கும் ஓடிக்கிட்டே இருக்கும், இவருக்கு ஸ்போர்ட்ஸ் கோட்டால ரயில்வே வேலை நின்னு போச்சுன்னு நோட்டீஸ்லயே எழுதியிருக்காங்க, நஷ்டத்துக்குக் கணக்கு காட்டறது அவங்களுக்கு ரொம்ப ஈஸி.

போன் பண்ணேன்னு சொல்றீங்க. உங்க கால் லாக்கப் பாத்தேன், ராத்திரி 10.40-க்கு ஒரே ஒரு மிஸ்டு கால், 11 மணிக்கு வீடியோ லைவ். இது உங்களுக்குச் சாதகமான சாட்சி இல்ல, அவங்களோட சாட்சி. நல்லெண்ணத்துல செஞ்சேன்னு சொல்லணும்னா உரிய கவனத்தோட செஞ்சிருக்கணும்னு சட்டத்துலயே இருக்கு, இருபது நிமிஷத்த யாரும் கவனம்னு ஒத்துக்க மாட்டாங்க. ‘இந்தத் தேதில இந்த நோட்டீஸ் வந்ததா எங்ககிட்ட இருக்கு, பி சாம்பிள் கேட்டிருக்கீங்களா, உங்க விளக்கம் என்ன, நாளைக்கு சாயந்தரத்துக்குள்ள சொல்லுங்க’ன்னு வாட்ஸ்அப்ல ஒரு மெசேஜ் போட்டிருந்தா நான் இப்ப வேற பதில் எழுதிக்கிட்டு இருப்பேன். நோட்டீஸ் எங்கயும் ஓடிப் போயிருக்காது.

அடுத்து செய்யக் கூடாதது. கோவத்துல ‘மெரட்டலுக்கு அஞ்ச மாட்டோம்’னு ரெண்டாவது வீடியோ போடாதீங்க, அது புது பிரசுரம், புது கேஸ். பயந்து மொத்தத்தையும் டெலீட்டும் பண்ணாதீங்க. ஒரிஜினல் ஃபைல், தம்ப்நெய்ல், வியூஸ் ஸ்கிரீன்ஷாட் எல்லாம் ஒரு பென்டிரைவ்ல எடுத்து வச்சுட்டு, வீடியோவ பிரைவேட்ல போடுங்க. மாமாவுக்கு வாட்ஸ்அப்ல ‘சாரிண்ணே தப்பு நடந்துடுச்சு’ன்னு அனுப்பிடாதீங்க, அது நேரா ஒப்புதலா எக்ஸிபிட் நம்பர் வாங்கிடும்.

என் யோசனை, சமாதானமா போங்க. சிவில் கேஸ் போட அவருக்கு ஒரு வருஷம் டைம் இருக்கு, கிரிமினலுக்கு மூணு வருஷம், அவர் சென்னைல தங்கிப் பயிற்சி எடுக்குறவர், அங்க தாக்கல் பண்ணாருன்னா வாய்தாவுக்கு வாய்தா மன்னை எக்ஸ்பிரஸ் ஏறணும், உங்க சேனல் வருமானம் டிக்கெட்டுக்கே பத்தாது. மாஜிஸ்திரேட் கேஸக் கோப்புல எடுக்கறதுக்கு முன்னாடி உங்களக் கூப்பிட்டுக் கேக்கணும்னு புது நடைமுறைச் சட்டம் சொல்லுது, அது ஒரு வாய்ப்புதான், அத நம்பி சண்டைக்குப் போகாதீங்க.

பணம் குடுக்க வேணாம். நாம குடுக்கறது திருத்தமும் அவரோட மறுப்பும். ‘ஏ சாம்பிளில் தடை செய்யப்பட்ட பொருள் இருந்ததாக நாடா நோட்டீஸ் அனுப்பியுள்ளது. பி சாம்பிள் முடிவு வரவில்லை, விசாரணை நடக்கவில்லை. போதை, ஊசி, ஏமாற்றினார் என்று நாங்கள் குறிப்பிட்டது சரியல்ல, திரும்பப் பெறுகிறோம். அவர் தெரிந்து எதையும் எடுத்துக்கொள்ளவில்லை என்கிறார்.’ இத பழைய வீடியோ ஓடின அதே சேனல்ல, அதே மாதிரி தம்ப்நெய்லோட, அவர் பேச விரும்பினா அவர் வாயாலயே. கடைசி முடிவு என்ன வந்தாலும் அதையும் போடுவோம்னு எழுதிக் குடுங்க.

ஆனா திருத்தம் ஏறறதுக்கு முன்னாடி, மேற்கொண்டு சிவிலோ கிரிமினலோ நடவடிக்கை இல்லன்னு லெட்டர் கைக்கு வரணும். மாமா கையெழுத்து செல்லாது. பையன் மேஜர், அவரேதான் போடணும், அவங்க வக்கீல் சாட்சியா இருக்கட்டும். நோட்டீஸ்ல 15 நாள்தான் டைம் குடுத்திருக்காங்க, வெள்ளிக்கிழமைக்குள்ள பென்டிரைவோட வாங்க, பதில நான் டிராஃப்ட் பண்றேன், அதுவரைக்கும் அந்த கோச்கிட்ட போன்ல பேசாதீங்க.